பெற்றோரின் வாய்க்கு ஒரு வாக்கியம்: அயல்நாட்டுக் குழந்தைகளின் தமிழ் வகுப்பும் சமூக ஊடகமும்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



இந்த நகரத்தில் உட்கார்ந்தபடி கலிபோர்னியாவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வளரும் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எங்கள் வகுப்புக்காக இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் என்ன போடுவது?” விளம்பரக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குழந்தை எப்படி மொழி பெறுகிறது என்பதைப் படிப்பவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இன்றைய உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் வகுப்பின் சமூக ஊடகப் பக்கம் குழந்தைக்குப் பாடம் நடத்தக் கூடாது. பெற்றோரைப் பார்த்து வகுப்பின் பெருமை பேசவும் கூடாது. அப்பாவோ அம்மாவோ அன்று மாலை தம் பிள்ளையிடம் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை அவர்கள் வாய்க்குக் கொடுக்க வேண்டும். வகுப்பு வாரத்தில் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. குழந்தை விழித்திருக்கும் நேரமோ வாரத்துக்குத் தொண்ணூறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் பெற்றோர் வழியாக மட்டுமே நாம் உள்ளே போக முடியும்.

1. ஏன் குழந்தையிடம் அல்ல, பெற்றோரிடம்

2003ஆம் ஆண்டு சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நினைவூட்டுகிறேன். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுபவர்கள் நேரில் அமர்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை கொடுத்துப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வுகள் நடந்தன. முடிவில் அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலி வேறுபாடு ஒன்று தெளிவாகப் பிடிபட்டது. அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசியதைப் படமாகவும் ஒலிப்பதிவாகவும் மட்டுமே பெற்ற குழந்தைகள் எதையும் கற்கவில்லை. திரையில் குறையில்லை. குழந்தை பார்க்கும் பக்கம் தானும் பார்த்து, அது சிணுங்கினால் நிறுத்தி, சிரித்தால் மீண்டும் சொல்ல எதிரே ஒருவர் இல்லை, குறை அதுதான்.

இந்த முடிவை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. அது கைக்குழந்தைகளைப் பற்றியது, ஒலியைப் பற்றியது. ஆறு வயதுப் பிள்ளை கார்ட்டூன் பார்த்துச் சொற்கள் கற்பதை நாமே பார்க்கிறோம். ஆனால் 2014இல் ரோஸ்பெரி, ஹர்ஷ்பாசெக், கோலிங்காஃப் மூவரும் செய்த ஆய்வு இதன் அடுத்த பாதியைச் சொல்கிறது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரலைக் காணொலி அழைப்பில் எதிரில் இருப்பவர் தமக்குப் பதில் சொல்லும்போது புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். வேறொரு குழந்தைக்குப் பேசிய பதிவைப் போட்டுக் காட்டியபோது கற்கவில்லை. நாம் எவ்வளவு அழகாகப் படம் பிடித்துப் போட்டாலும் பதிவு அந்தக் குழந்தைக்கு மறுமொழி சொல்லாது. அம்மா சொல்வாள். பாட்டி சொல்வாள். எனவே பதிவு போய்ச் சேர வேண்டிய இடம் அம்மாவும் பாட்டியும்.

பள்ளியும் பாடநூலும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா. ஆயினும் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர்களின் பங்கு 2010 கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 27.3 ஆகிவிட்டது. பிற இந்திய மொழியினர் குடியேறியதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதே காலத்தில் இந்திய வீடுகளில் ஆங்கிலம் ஏறியிருப்பது வேறு எதைக் காட்டுகிறது? அரசே ஆதரித்தும் பள்ளி தன் வேலையைச் செய்ததே தவிர, வீட்டின் வேலையைச் செய்ய அதனால் முடியவில்லை.

சட்டமும் நம்மை இந்தப் பக்கமே தள்ளுகிறது. 2020 ஜனவரியிலிருந்து யூடியூபில் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறிக்கும் காணொலிக்குப் பின்னூட்டம் மூடப்படுகிறது. அறிவிப்பு மணியும் அதில் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. குழந்தைகளுக்கென்று தொடங்கிய தமிழ்ப் பக்கம் கேள்வி கேட்க முடியாத பக்கமாகிவிடும். பெற்றோரிடம் பேசும் காணொலிக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆனால் அது உண்மையாகவே பெற்றோரிடம் பேச வேண்டும். எழுத்துப் பாட்டையும் பொம்மையையும் வைத்துக்கொண்டு ‘இது பெரியவர்களுக்கு’ என்று குறித்தால் அது விதிமீறல்.

2. ஒரு பதிவுக்குள் என்ன இருக்க வேண்டும்

ஒரு பதிவில் வீட்டில் நடக்கும் ஒரு நேரமும் அந்த நேரத்துக்கான ஒரு பேச்சும் இருந்தால் போதும். குளிக்கும் நேரம், காலணி மாட்டும் நேரம், காரில் பின்னிருக்கையில் உட்காரும் நேரம் என்று எதுவானாலும் சரி. ‘நிறங்கள்’, ‘விலங்குகள்’ என்று பாடத் தலைப்பு வைத்தால் பெற்றோர் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். மாலையில் எந்த இடத்தில் அதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது.

பெற்றோர் உண்மையில் திணறும் இடம் வேறு. அவர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. அடுத்த நொடி என்ன செய்வது? எந்தப் பாடநூலும் இந்த நொடியைத் தொடுவதில்லை. நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜிய மொழியும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, 1997இல் வெளிவந்த தம் நூலில் இந்த நொடியில் பெற்றோர் செய்வதை ஐந்து வகையாகப் பிரித்தார். அதை நம் வீட்டுப் பேச்சில் வைத்துக் காட்டுகிறேன்.

நான்கு வயது மகள் வாசலில் நின்று, “ஐ வாண்ட் த ரெட் ஷூ” என்கிறாள். அம்மா புரியாதவள்போல், “என்னடா கண்ணு? என்ன வேணும்?” என்று கேட்கலாம். ஊகித்துக் கேட்பது இரண்டாவது: “செவப்பு ஷூவா வேணும்?” மூன்றாவது வகையில், பிள்ளை சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்கிறாள்: “ஓ, உனக்குச் செவப்பு ஷூ வேணுமா, சரி.” எதையும் கவனியாமல் தமிழிலேயே பேச்சைத் தொடர்வது நான்காவது: “சரி சரி, வா, நேரமாச்சு.” ஐந்தாவதில் அம்மாவே மொழி மாறுகிறாள்: “ஓகே, டேக் இட்.”

முதல் வகை பிள்ளையைத் தமிழுக்கு அதிகமாக இழுக்கும். கடைசி வகை சிறிதும் இழுக்காது. லான்சாவின் வரிசை அது. இதில் என் கருத்தொன்றைச் சேர்க்கிறேன். புரியாதவர்போல் கேட்பது இரண்டு வயதில் எடுபடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அம்மா அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலம் பேசுவது கதவு வழியே கேட்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய்ப் புரியாதது போல் நடித்தால் கோபம்தான் வரும். அந்த வயதில் ஊகித்துக் கேட்பதும் திருப்பிச் சொல்வதும்தான் உதவும். ஊகித்துக் கேட்டால் “ஆமா” என்ற ஒரு சொல்லாவது தமிழில் விழுகிறது. திருப்பிச் சொன்னால் தன் எண்ணத்துக்கான தமிழ் வடிவம் அப்போதே காதில் விழுகிறது. எனவே பதிவில் பிள்ளையின் வயதைச் சொல்லாமல் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று போடவே கூடாது.

இனி ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். நேரம்: பள்ளிவிட்டு வீட்டுக்கு வரும் பத்து நிமிடம். வயது: ஐந்து முதல் ஏழு. எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” எல்லா வீட்டிலும் வரும் பதில் “குட்”. பிள்ளைக்கு அக்கறை இல்லாததால் வரும் பதில் அன்று அது. ‘எப்படி’ என்ற கேள்விக்கு ஒரு நாள் முழுவதையும் திரட்டித் தமிழில் வாக்கியமாகக் கட்ட வேண்டும். அவ்வளவு தமிழ் அந்தப் பிள்ளையிடம் இன்னும் இல்லை.

திங்கள்கிழமைப் பதிவு, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும்: “இன்னைக்கு வெளியில விளையாடினியா, உள்ள விளையாடினியா?” வேண்டிய சொல் காதில் விழுந்துவிட்டது, பிள்ளை அதை எடுத்துத் திருப்பித் தந்தால் போதும். “உள்ள” என்று ஒரு சொல் வரும். அதுவே அன்றைய வெற்றி. புதன்கிழமை ஒரு படி மேலே: “சாப்பிடும்போது பக்கத்துல யாரு உக்காந்தா?” பெயர் சொன்னால் போதும், பெயருக்கு மொழி இல்லை. அதன் பிறகு “அவன் என்ன கொண்டுவந்தான்?” என்று தொடரலாம். வெள்ளிக்கிழமைதான் கதை கேட்கும் கேள்வி, அதுவும் பெற்றோர் முதலில் தம் கதையைச் சொன்ன பிறகு: “எனக்கு இன்னைக்கு ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சு, பயந்தே போயிட்டேன். உனக்கு என்ன ஆச்சு?” சொல்வதற்கான வாக்கிய அமைப்பைப் பெற்றோர் தம் கதை வழியாகவே காட்டிவிடுகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பதிவு வேண்டாம். பெற்றோர் சொல்லிப் பார்க்க நாள் வேண்டும்.

“சொல்லு, தமிழ்ல சொல்லு” என்று கட்டளையிடும் பதிவைத் தவிர்க்கச் சொல்வேன். அந்தக் கணத்தில் பிள்ளை சொல்ல வந்த செய்தி மறைந்து, மொழி ஒரு தேர்வாகிவிடுகிறது.

3. எந்தத் தமிழ், எந்த எழுத்து

பெங்களூர் ஆசிரியைகளுக்கு இது தனியாகவே பேச வேண்டிய பொருள். உங்கள் வகுப்புப் பெற்றோரில் பலர் இந்த ஊர்ப் பிள்ளைகள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள். பள்ளியில் படித்தது ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும். வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள். தமிழெழுத்து படிக்க வராது, அல்லது பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்கு வரும். தமிழெழுத்தில் நான்கு பத்தி எழுதிப் போடும் பதிவை அவர்கள் ஒரு விருப்பக்குறி இட்டுக் கடந்துவிடுவார்கள். படிக்க முடியவில்லை என்று குழுவில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆகவே குரல் முதலில். வாட்ஸ்அப்பில் இருபது விநாடிக் குரல் பதிவு. அதன் கீழ் அந்த ஒரே வாக்கியம் தமிழெழுத்தில். காதால் கேட்டதைக் கண் தொடரும்போது பெற்றோரில் சிலர் தாமே எழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் போடுவதை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிக்கவே தெரியாத அப்பாவுக்கு அது இன்று உதவும். ஆனால் அந்த எழுத்துக்கூட்டில் பள்ளியும் பல்லியும் ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பெற்றோருக்கான துணைவரியாக நிறுத்திவிட வேண்டும். பிள்ளையின் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பேச்சு வடிவமா எழுத்து வடிவமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டுக்குப் போகும் வாக்கியம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். “நீ உணவு உண்டாயா?” என்று எந்த அம்மாவும் கேட்கப் போவதில்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. எழுத்து வடிவம் வகுப்பில் வரட்டும், ஆசிரியை முன்னால்.

யாருடைய பேச்சு என்று அடுத்துக் கேட்பீர்கள். டொரன்டோவிலும் லண்டனிலும் உள்ள ஈழக் குடும்பம் ‘பேசு’ என்பதைக் ‘கதை’ என்று சொல்லும். ‘அழகு’ அங்கே ‘வடிவு’. நம் ஊர்த் தமிழில் கன்னடம் கலந்திருக்கும். ஆசிரியை தம் பேச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, “உங்க வீட்டுல இத எப்படிச் சொல்வீங்க? குரல்ல அனுப்புங்க” என்று கேட்கலாம். அனுப்புபவர் அந்தக் கணமே அந்த வாக்கியத்தைத் தம் வாயால் சொல்லிப் பார்த்துவிடுகிறார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

4. எங்கே, எப்போது, யாருக்கு

எல்லா ஊடகத்துக்கும் ஒரே வேலை இல்லை. இன்ஸ்டாகிராமும் யூடியூபும் இன்னும் வகுப்பில் சேராத பெற்றோர் நம்மைக் காணும் இடம். சேர்ந்தவர்களுடன் நடக்கும் உண்மையான வேலை வாட்ஸ்அப் குழுவில். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதற்காக எல்லாரையும் ஒன்றில் அடைக்காதீர்கள். நேர மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரியுங்கள். பெங்களூரில் காலை ஏழு மணிக்குப் போடுவது கோடைக் காலக் கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஆறரைக்குச் சேரும். அப்போதுதான் அங்கே சாப்பாட்டு நேரம் தொடங்குகிறது. அதே பதிவு லண்டனில் அதிகாலை இரண்டரைக்குப் போய், பெற்றோர் எழுவதற்குள் வேறு நாற்பது செய்திகளுக்கு அடியில் கிடக்கும். பெங்களூர் நேரப்படி சிங்கப்பூருக்குப் பிற்பகல் மூன்றரை, லண்டனுக்கு இரவு ஒன்பது என்று வைத்துக்கொண்டால் பள்ளி விட்ட பிறகான நேரத்தில் கைக்குக் கிடைக்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கக் கடிகாரம் மாறும்போது நம் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் தாத்தா பாட்டிகளை இந்தத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது பெரிய இழப்பு. நான் முன்பு சொன்ன 2014 ஆய்வை மீண்டும் நினையுங்கள்: பதில் சொல்லும் திரை கற்பிக்கிறது. ஆனால் பாட்டியின் காணொலி அழைப்பில் நடப்பது என்ன? “சாப்டியா? ஸ்கூல் போனியா? சமத்தா இரு” என்று மூன்று கேள்வி, பிள்ளை ஓடிவிடுகிறது. பாட்டிக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்புங்கள்: அழைக்கும்போது கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள் என்று. டிசம்பர், ஜனவரியில் இந்த ஊரே அவரைக்காய் உரிக்கிறது. பாட்டி முறத்தை முன்னால் வைத்து, ஒரு காயைக் கேமராவுக்கு நேரே பிடித்து, “இதுக்குள்ள எத்தனை கொட்டை இருக்கும், சொல்லு பாப்போம்” என்று கேட்கட்டும். பிள்ளை “நாலு” என்று சொல்லும். பிளந்தால் மூன்று. “அடுத்தது?” ஊறிய கொட்டையைத் தோல் பிதுக்கிப் பிதுக்குப் பருப்பு எடுக்கும்போது அது விரலிலிருந்து துள்ளி விழும், பிள்ளைக்கு அதை விட வேடிக்கை வேண்டியதில்லை. உரி, பிள, பிதுக்கு, விழுந்துடுச்சு, எண்ணு: இத்தனை வினைச்சொற்களும் கண்ணெதிரே நடந்து காட்டுகின்றன.

5. வேலை நடக்கிறதா என்பதை எப்படி அறிவது

அதிக விருப்பக்குறி வாங்கும் பதிவு பொங்கல் வாழ்த்தும் தமிழின் தொன்மை பற்றிய பெருமிதமும். அவற்றால் எந்த வீட்டிலும் ஒரு வாக்கியமும் பேசப்படுவதில்லை. இன்ஸ்டாகிராமில் ‘சேமித்தவர்’, ‘பகிர்ந்தவர்’ எண்ணிக்கையைப் பாருங்கள். மாலையில் வேண்டும் என்று நினைப்பவர்தான் சேமிக்கிறார். மனைவி கணவனுக்கு அனுப்புவதும் பகிர்வில்தான் வரும். குழுவிலோ ஒரே ஓர் அடையாளம் போதும். பெற்றோர் “அருமை” என்று எழுதுகிறார்களா, அல்லது “நான் இப்படிக் கேட்டேன், அவன் இப்படிச் சொன்னான், அடுத்து என்ன சொல்வது?” என்று எழுதுகிறார்களா? இரண்டாவது வந்தால் வேலை நடக்கிறது.

கெடும் விதத்தையும் சொல்ல வேண்டும். நான் அருகிருந்து பார்த்த ஒரு குழுவில் ஒருநாள் ஓர் அப்பா, மகள் பத்துக் குறள் மனப்பாடமாகச் சொல்லும் காணொலியைப் போட்டார். கைதட்டல் குவிந்தது. அதுவரை “இன்னைக்கு அவன் ‘உள்ள’ன்னு சொன்னான்” என்று மகிழ்ச்சியோடு எழுதிவந்த தாய்மார்கள் அதன் பிறகு எழுதவில்லை. யாரும் யாரையும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒற்றைச் சொல்லைப் பகிர அங்கே இடமில்லாமல் போயிற்று. பிறகு பிள்ளைகளின் பேச்சைக் குழுவில் போடாமல் ஆசிரியைக்குத் தனியாக அனுப்பும் ஏற்பாடு வந்ததும், குரல் பதிவுகள் மெல்ல மீண்டன. இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. குழந்தையின் முகமும் குரலும் பெயரும் பொதுவெளியில் சுற்றக் கூடாது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலைக் கேட்கிறது. விளம்பரத்துக்குப் பிள்ளைகளின் படத்தைப் போடும் வழக்கத்தை வகுப்புகள் இன்றே நிறுத்தலாம்.

கட்டண நினைவூட்டல், விடுமுறை அறிவிப்பு ஆகியவற்றை வேறு குழுவுக்கு மாற்றுங்கள். பணம் பற்றிய செய்தி வரும் இடத்தில் பெற்றோர் ஒலியை அணைத்துவிடுவார்கள். அத்தோடு திங்கள்கிழமைக் குரலும் அணைந்துபோகும்.

இந்த முறையால் ஆகாததும் ஒன்று உண்டு. இதைக் கொண்டு வாசிக்கக் கற்பிக்க முடியாது. எழுத்துக்கு வரிசையும் பயிற்சியும் திருத்தும் கையும் வேண்டும்; அது வகுப்பின் வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வி தொடங்கிச் சான்றிதழ்க் கல்வி வரை பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1998இல் தொடங்கிய தமிழ்க் கல்விக்கழகம் போன்ற அமைப்புகள் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடநூல் செய்திருக்கின்றன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி ரீல்ஸ் ஆக்க வேண்டாம். ஐந்து வயதில் வீட்டில் “உள்ள விளையாடினேன்” என்று சொல்லிப் பழகிய பிள்ளை அந்தப் புத்தகத்துக்கு வரும்போது, பக்கத்தில் இருக்கும் சொல்லில் பாதியை முன்பே கேட்டிருக்கும். வகுப்பின் முதல் மாதத்தில் ஆசிரியையால் இதைத் தெளிவாகக் காண முடியும்: ஒரு பிள்ளை எழுத்தைக் கூட்டி முடித்ததும் முகம் மலர்கிறது, இன்னொரு பிள்ளை சரியாகக் கூட்டி வாசித்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் ஆசிரியையைப் பார்க்கிறது. இரண்டாவது பிள்ளையின் வீட்டுக்குத்தான் நம் திங்கள்கிழமைப் பதிவு முதலில் போக வேண்டும்.